முழங்கைக் குழியில் ஒரு மெல்லிய திரை: ரத்தம் எடுக்க அந்தச் சிரையையே ஏன் தேடுகிறார்கள்?

"இவருக்கு நரம்பே கிடைக்க மாட்டேங்குது." ரத்தம் எடுக்கும் அறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பேச்சுவழக்கில் நாம் நரம்பு என்று சொல்வது சிரையை, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை. மற்ற இடங்களில் இந்தக் குழப்பத்தால் பெரிய நஷ்டம் இல்லை. முழங்கையின் முன்பக்கத்தில் மட்டும் இது முக்கியமாகிவிடுகிறது. ஏனென்றால் ஊசி தேடும் சிரைக்குப் பக்கத்திலேயே உண்மையான நரம்புகள் ஓடுகின்றன. அவற்றில் ஊசி படக்கூடாது. கொஞ்சம் ஆழத்தில் கையின் முதன்மைத் தமனியும் இருக்கிறது. அதிலும் படக்கூடாது. அதனால் இந்தக் கட்டுரையில் நரம்பு என்றால் உணர்ச்சியையும் அசைவையும் கடத்தும் நரம்பு மட்டும்தான்.

பக்கங்களைச் சொல்லவும் ஓர் எளிய வழி வைத்துக்கொள்வோம். கையை நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வையுங்கள். உடலை ஒட்டியிருப்பது சுண்டுவிரல் பக்கம், விலகியிருப்பது கட்டைவிரல் பக்கம். உடற்கூறியல் வகுப்பில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதால்தான் வருகிறது.

இப்போது முழங்கையை லேசாக மடித்துப் பாருங்கள். முன்பக்கம் ஒரு பள்ளம் தெரியும். அதுதான் கியூபிட்டல் ஃபாஸா, தமிழில் முழங்கைக் குழி. வடிவம் தலைகீழ் முக்கோணம். மேல் எல்லை ஒரு கற்பனைக் கோடு: முழங்கையின் இரு பக்கமும் கைக்குத் தட்டுப்படும் எலும்புப் புடைப்புகளை இணைத்தால் கிடைப்பது. கட்டைவிரல் பக்க எல்லை பிரேக்கியோரேடியாலிஸ் தசை. சுண்டுவிரல் பக்க எல்லை புரோனேட்டர் டெரெஸ், உள்ளங்கையைக் கவிழ்க்க உதவும் தசை. கீழே இந்த இரண்டும் சந்திக்கும் இடம் முக்கோணத்தின் நுனி. தரையில் பிரேக்கியாலிஸும் சூபினேட்டரும் படுத்திருக்கின்றன. எல்லைகளைப் பற்றி இவ்வளவு போதும். தேர்வில் கேட்பார்கள் என்பதற்காக மனப்பாடம் செய்வதைவிட, குழிக்குள் எது எதற்குப் பக்கத்தில், எது எதற்கு மேலே என்று தெரிந்துகொள்வதுதான் ஊசி பிடிப்பவருக்கு உதவும்.

அதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். முழங்கையைச் செங்கோணமாக மடித்து, உள்ளங்கையை மேலே வைத்து, மற்றக் கையால் அதைக் கீழே அழுத்திக்கொண்டே மேலே தூக்க முயலுங்கள். குழியின் நடுவில் கயிறுபோல் ஒன்று விறைக்கும். அது பைசெப்ஸ் தசையின் தசைநாண். இந்தக் குழியின் அடையாளக் கம்பம் அதுதான், மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே சொல்லலாம். கையைத் தளர்த்திவிட்டு, அந்தக் கயிற்றுக்குச் சுண்டுவிரல் பக்கமாக விரலைக் கொஞ்சம் ஆழமாக அழுத்தினால் துடிப்பு தட்டும். அது பிரேக்கியல் தமனி. ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப்பை வைப்பதும் அங்கேதான். தமனிக்கும் சுண்டுவிரல் பக்கமாக மீடியன் நரம்பு. ஆக, சுண்டுவிரல் பக்கத்திலிருந்து வந்தால் நரம்பு, தமனி, தசைநாண் என்று வரிசை. நான்காவதாக ரேடியல் நரம்பையும் சேர்ப்பார்கள். அது கட்டைவிரல் பக்கத் தசைக்கு அடியில் ஒளிந்திருப்பதால் சில நூல்கள் அதைக் குழியின் பொருளாகக் கணக்கில் எடுப்பதில்லை. ரத்தம் எடுப்பவரின் ஊசி அந்த ஆழத்துக்குப் போகவே கூடாது என்பதால் நாமும் அதை விட்டுவிடுவோம்.

இவை எல்லாம் கீழ்த்தளம். மேல்தளத்தில், தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில், சிரைகள் ஓடுகின்றன. கட்டைவிரல் பக்கமாக மேலேறுவது செபாலிக் சிரை, சுண்டுவிரல் பக்கமாக ஏறுவது பேசிலிக் சிரை. இரண்டையும் சாய்வாக இணைக்கும் பாலம்தான் மீடியன் கியூபிட்டல் சிரை. சாய்வு எந்தப் பக்கம் என்பதைக் கவனியுங்கள்: கீழே கட்டைவிரல் பக்கத்தில் செபாலிக்கிலிருந்து கிளம்பி, மேலே சுண்டுவிரல் பக்கத்தில் பேசிலிக்கில் போய்ச் சேர்கிறது. எல்லாக் கையிலும் இப்படியே இருக்காது. சிலருக்கு முன்கையின் நடுவே ஒரு சிரை ஏறிவந்து, குழியில் இரண்டாகப் பிரிந்து, ஆங்கில எம் எழுத்துபோல் தோன்றும். ஒரே ஆளின் இரண்டு கைகளும்கூட ஒத்துப்போவதில்லை.

சரி, மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையில் என்ன இருக்கிறது? என்னைப் பொறுத்தவரை இந்தக் குழியின் மிக முக்கியமான பகுதி இதுதான். பைசெப்ஸ் தசைநாண் ஆழத்தில் இறங்கி ரேடியஸ் எலும்பில் ஒட்டுவதற்கு முன், தன்னிடமிருந்து ஒரு தட்டையான நார்ப்பட்டையைச் சுண்டுவிரல் பக்கமாக விரிக்கிறது. அது முன்கைத் தசைகளை மூடியிருக்கும் உறையோடு கலந்துவிடும். பெயர் பைசிபிட்டல் அப்போநியூரோசிஸ். நாம் திரை என்றே சொல்லலாம். கையை மடித்து இறுக்கும்போது தசைநாணின் சுண்டுவிரல் பக்கத்தில் கூர்மையான ஒரு விளிம்பு தட்டுப்படுமே, அது இந்தத் திரையின் மேல் விளிம்பு. தமனியும் மீடியன் நரம்பும் இதற்குக் கீழே போகின்றன. மீடியன் கியூபிட்டல் சிரை இதற்கு மேலே போகிறது. சிரையைத் தாண்டி ஊசி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டாலும், தமனியைத் தொடுவதற்கு முன் இந்த நார்த்திரை குறுக்கே நிற்கும்.

ஐரோப்பாவில் நாவிதர்களே அறுவை மருத்துவமும் செய்த காலத்தில், நோய் தீர ரத்தம் வடிப்பது அன்றாட வேலையாக இருந்தது. அதற்கும் முழங்கைக் குழிச் சிரையைத்தான் கத்தியால் கீறினார்கள். கத்தி நழுவினாலும் தமனியை வெட்டாமல் இந்தத் திரை காப்பாற்றியதால், 'கடவுளின் அருளால்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களால் இதை அழைத்தார்கள். ஆனால் எப்போதும் காப்பாற்றவில்லை. கத்தி சிரையை ஊடுருவித் தமனியையும் துளைத்துவிட்டால், காயம் ஆறும்போது இரண்டு குழாய்களும் ஒன்றோடொன்று திறந்தபடியே ஒட்டிக்கொள்ளும். தமனியின் வேகமான ரத்தம் நேராகச் சிரைக்குள் பாயும், சிரை புடைத்து அதிரத் தொடங்கும். லண்டனில் பணிபுரிந்த உடற்கூறியலாளர் வில்லியம் ஹன்டர் 1757-இல் இதை விவரித்தார், அதுவும் முழங்கையில் ரத்தம் வடித்ததன் விளைவாக வந்த நோயாகவே. எல்லாரும் பயன்படுத்தும் இடமாக இருந்தபோதே அது முழுக்கப் பாதுகாப்பான இடம் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது.

திரை ஒரு காரணம் என்றால், இந்தச் சிரை நகராமல் நிற்பது இன்னொரு காரணம். புறங்கையில் ஒரு சிரையை விரல்நுனியால் தள்ளிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும். ஊசி முனை பட்டாலும் அப்படித்தான் ஒதுங்கும். மீடியன் கியூபிட்டல் சிரை அவ்வளவு எளிதில் ஒதுங்காது. குழிக்குள் ஒரு சிறிய இணைப்புச் சிரை தசை உறையைத் துளைத்துக்கொண்டு ஆழத்துச் சிரைகளுக்குப் போகிறது. அது ஒரு நங்கூரம் போல மேல் சிரையைக் கீழே கட்டிப்போட்டிருக்கிறது. சிரையும் அகலமானது, தோலுக்கு வெகு அருகில் இருக்கிறது, அங்குள்ள தோலும் மெல்லியது. ரத்த தானத்தில் பயன்படும் 16 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் சுமார் 1.6 மில்லிமீட்டர். பரிசோதனைக்குச் சாதாரணமாக எடுக்கும் 21 கேஜ் ஊசி அதில் பாதி, 0.8 மில்லிமீட்டர். அந்தத் தடித்த ஊசியையும் தாங்கி, சில நிமிடங்கள் விடாமல் ரத்தம் தரக்கூடிய மேல்மட்டச் சிரை உடலில் வேறு அதிகம் இல்லை.

பக்கத்திலேயே தமனி இருக்கிறதே, அதில் ஏன் எடுக்கக்கூடாது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தமனிச் சுவர் தடிமனானது, உள்ளே அழுத்தம் அதிகம், துளை அடைபட நேரம் பிடிக்கும். சிரையில் அழுத்தம் மிகக் குறைவு, பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும். அதோடு, வழக்கமான பரிசோதனை அறிக்கையில் அச்சிடும் இயல்பு அளவுகள் பெரும்பாலும் சிரை ரத்தத்துக்கானவை. சிரையின் இந்தக் குறைந்த அழுத்தத்தை வைத்துத்தான் டூர்னிக்கே பட்டையும் வேலை செய்கிறது. முழங்கை மடிப்புக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் மேலே கட்டும்போது, சிரை வழியாக ரத்தம் வெளியேறுவது நிற்க வேண்டும், தமனி வழியாக உள்ளே வருவது நிற்கக்கூடாது. மணிக்கட்டில் நாடி தெரிய வேண்டும். நாடி தெரியாத அளவுக்கு இறுக்கினால் சிரை நிரம்ப ரத்தமே வராது, புதியவர்கள் சிரை தெரியவில்லையே என்று இன்னும் இறுக்குவார்கள்.

இந்தக் காரணங்கள் அனைத்தும் குழியின் நடுவுக்கும் கட்டைவிரல் பக்கத்துக்கும்தான் பொருந்தும். சுண்டுவிரல் பக்கமாக நகர்ந்து பேசிலிக் சிரைக்குப் போனால் நிலைமையே வேறு. அது எளிதில் உருளும். அதன் கூடவே முன்கையின் உட்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கிளைகள் ஓடுகின்றன, சில கிளைகள் சிரைக்கு மேலேயே குறுக்கிடும். தமனியும் மீடியன் நரம்பும் பக்கத்தில். அதனால்தான் மீடியன் கியூபிட்டல் முதலில், அடுத்து செபாலிக், வேறு வழியே இல்லை என்றால் மட்டும் பேசிலிக் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். கட்டைவிரல் பக்கத்திலும் செபாலிக் அருகே ஒரு தோல் நரம்பு வருகிறது என்பது உண்மைதான், ஆனால் அங்கே தமனி இல்லை.

ஒரு நிலைமையை எடுத்துப் பார்ப்போம். கொஞ்சம் பருமனான கை. டூர்னிக்கே கட்டியதும் சுண்டுவிரல் பக்கத்தில் நீலமாக ஒரு கோடு தெரிகிறது. நடுவில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ரத்தம் எடுப்பவர் புதியவர், தெரிகிற நீலத்தை நம்பி ஊசியை ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் இறக்குகிறார். சிரை ஒதுங்குகிறது, ரத்தம் வரவில்லை. ஊசியை வெளியே எடுக்காமல் இடமும் வலமுமாகத் துழாவுகிறார். திடீரென்று நோயாளி கையை உதறுகிறார். ஷாக் அடித்தது போல் இருந்தது என்கிறார்.

இங்கே எத்தனை தவறு நடந்தது? முதலில் கோணம். 1 சென்டிமீட்டர் நீளம் ஊசி உள்ளே போனால், 15 டிகிரி சாய்வில் அதன் முனை தோலிலிருந்து சுமார் 2.6 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கும். 30 டிகிரி என்றால் 5 மில்லிமீட்டர். 45 டிகிரி என்றால் 7 மில்லிமீட்டர். சிரை இருப்பது மேல்தளத்தில். 15 முதல் 30 டிகிரி என்று சொல்வது இந்தக் கணக்குக்காகத்தான். அடுத்தது துழாவியது. ஊசி முனை ஒரு சிறிய கத்தி. உள்ளே பக்கவாட்டில் அசைத்தால் வழியில் இருப்பதை வெட்டும். மூன்றாவது, விரலை நம்பாமல் கண்ணை நம்பியது. நீலமாகத் தெரிவது நல்ல சிரை என்று அர்த்தமில்லை. அழுத்தினால் ஸ்பாஞ்சுபோல் அமுங்கி மறுபடி எழும்புவதுதான் நல்ல சிரை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது விரலுக்குத் தெரியும்.

அந்த ஷாக் எந்தப் பக்கம் ஓடியது என்று நோயாளியிடம் கேட்க வேண்டும், பதில் உடற்கூறியலை அப்படியே சொல்லிவிடும். முன்கையின் சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டுவரை ஓடியது, விரல்களுக்குப் போகவில்லை என்றால், உட்பக்கத் தோல் நரம்பில் பட்டிருக்கிறது. கட்டைவிரல் பக்கத் தோலில் ஓடியது என்றால் செபாலிக் அருகேயுள்ள தோல் நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று விரல்களுக்குள்ளேயே சுரீர் என்று போனால் அது மீடியன் நரம்பு. அப்படியானால் ஊசி தசை உறையைத் தாண்டி, போகக்கூடாத ஆழத்துக்குப் போயிருக்கிறது. எந்த நரம்பாக இருந்தாலும் உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான்: டூர்னிக்கேயைத் தளர்த்தி, ஊசியை வெளியே எடுப்பது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இதோ வந்துடும்" என்று தொடர்வதுதான் சின்னக் காயத்தைப் பெரிதாக்குவது. தோல் நரம்புக் காயங்கள் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும், சிலருக்கு மட்டும் எரிச்சலும் மரப்பும் மாதக்கணக்கில் நீடிக்கும்.

ஊசி தமனியில் பட்டிருந்தால் அடையாளம் வேறு. ரத்தம் பளிச்சென்ற சிவப்பில், துடித்துத் துடித்து, வேகமாக வரும். அப்போதும் ஊசியை எடுத்துவிட்டு, குறைந்தது 5 நிமிடமாவது விடாமல் பலமாக அழுத்த வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. ரத்தம் திரைக்கு அடியில் கசிந்து தேங்கினால், முன்பு நம்மைக் காத்த அதே திரை இப்போது எதிராகிவிடும். அது விரிந்துகொடுக்காது. கீழே இருக்கும் மீடியன் நரம்பு தேங்கிய ரத்தத்துக்கும் திரைக்கும் நடுவில் நசுங்கும். வீட்டுக்குப் போனபின் வீக்கம் இறுகிக்கொண்டே போய், விரல்களில் மரப்பு கூடிக்கொண்டே வந்தால், அது சாதாரண ரத்தக்கட்டு என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருக்கக்கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதே கையில் வேலை எப்படி நடந்திருக்க வேண்டும்? கையை நீட்டி, முழங்கைக்கு அடியில் சின்னத் தாங்கல் வைத்து, டூர்னிக்கே கட்டுவதற்கு முன்பே தமனித் துடிப்பைத் தேடி அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பட்டையைக் கட்டி, துடிப்புக்குக் கட்டைவிரல் பக்கமாக விரலால் தடவித் தேட வேண்டும். மீடியன் கியூபிட்டல் சாய்வாக ஓடுகிறது என்று பார்த்தோம் அல்லவா? அதன் கீழ்ப்பாதி, அதாவது கட்டைவிரல் பக்கம் இருக்கும் பகுதி, தமனியிலிருந்து விலகி இருக்கிறது, நங்கூரச் சிரையும் அந்தப் பக்கத்தில்தான் சேர்கிறது. மேலே போகப் போக பேசிலிக்கையும் தமனியையும் நெருங்கிவிடும். எனவே ஒரே சிரையில்கூட கீழ்ப்பாதிதான் நல்லது. ஸ்பிரிட் தடவி, அது காயும்வரை விட்டு, குத்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, ஊசியின் சாய்வெட்டு முகம் மேலே இருக்கும்படி தாழ்வான கோணத்தில் உள்ளே செலுத்த வேண்டும். ரத்தம் வரத் தொடங்கியதும் டூர்னிக்கேயை அவிழ்த்துவிடலாம். மொத்தத்தில் அது ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் இறுகியிருக்கக்கூடாது. அதற்கு மேல் போனால் நீர்ப்பகுதி சிரையிலிருந்து வெளியே கசிந்து, புரதம் போன்றவற்றின் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். விரல்களை மடக்கி மடக்கித் திறக்கச் சொல்வதும் வேண்டாம், தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறி முடிவைப் பொய்யாக்கும். கையை மூடி வைத்திருந்தால் போதும்.

ஊசியை எடுத்தபின் பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொள்ளச் சொல்வது பல இடங்களில் பழக்கம். நான் அதை ஏற்பதில்லை. மடக்கினால் பஞ்சு துளையின் மேல் அழுத்தமாக நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, கையை நீட்டியதும் அடைபட்ட துளை மறுபடி திறந்துகொள்ளவும் கூடும். கையை நீட்டியே வைத்து, மறுகை விரலால் அழுத்துவதுதான் நல்லது. தோலில் உள்ள துளையும் சிரையில் உள்ள துளையும் நேர்மேலே இல்லை, ஊசி சாய்வாகப் போனதால் சிரைத் துளை சற்று மேலே இருக்கும். அதனால் குத்தின இடத்துக்குக் கொஞ்சம் மேலேயும் சேர்த்து அழுத்த வேண்டும்.

இந்தக் குழி எல்லாவற்றுக்கும் ஏற்ற இடமும் இல்லை. நாள்கணக்கில் சலைன் ஏற்றும் கேன்யுலாவை இங்கே போட்டால், ஒவ்வொரு முறை கை மடங்கும்போதும் குழாய் மடிந்து சிரைச் சுவரை உரசும், அதற்கு முன்கையே மேல். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் ரத்தம் எடுக்கக்கூடாது. மார்பக அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றியிருந்தால், வழக்கமாக மறுபக்கக் கையைத்தான் பயன்படுத்துவார்கள். சலைன் ஓடிக்கொண்டிருக்கும் கையில் எடுத்தால் கிடைப்பது நீர்த்துப்போன ரத்தம்.

கடைசியாக, அந்தத் திரையையே ஏமாற்றும் கைகளும் உண்டு. சிலருக்கு, முன்கையின் சுண்டுவிரல் பக்கத்துக்குப் போகும் அல்னார் தமனி குழியின் கீழ்ப்பகுதியில் பிரியாமல், மேற்கையிலேயே பிரிந்துவிடும். பிரிந்து வரும் அந்தக் கிளை சில கைகளில் திரைக்கு மேலாக, தோலுக்கு அடியில், சிரைகளோடு சிரையாக ஓடும். பார்வைக்கு அதுவும் ஒரு நல்ல சிரை போலவே இருக்கும். அந்த மாதிரிக் கையில் ஊசிக்கும் தமனிக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. தெரியாமல் அதில் மருந்து செலுத்திவிட்டால் விரல்களே கருகிப்போகும் அளவுக்கு ஆபத்து. கண்டுபிடிக்க எளிய வழி, ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன், டூர்னிக்கே கட்டுவதற்கும் முன்பே, குத்தப்போகும் அந்தக் குழாயின் மேல் விரலை வைத்து அது துடிக்கிறதா என்று சில விநாடி பார்ப்பது.